கம்பெனி பெயர் மாறியது, வாடிக்கைப் பார்ட்டிக்குக் கடிதம்: வங்கிப் பத்தியை எப்படி எழுதுவது?

பஞ்சுப்பொதி | 19 மே 2025, காலை 10:40

ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். பிரைவேட் லிமிடெட் கம்பெனி. பெயரில் இருந்த ‘டிரேடர்ஸ்’ போய் ‘ஸ்பின்னர்ஸ்’ வந்திருக்கிறது. மே 12 அன்று ஆர்ஓசியிலிருந்து புதுப் பெயரில் சான்றிதழ் வந்துவிட்டது.

திருப்பூரில் ஒரு பார்ட்டி பதினான்கு வருடமாக எங்களிடம் 40ஸ் கோம்டு ஹோசியரி நூல் எடுக்கிறார். இப்போது 18,000 கிலோவுக்கு விலை பேசி முடித்த ஒப்பந்தம் ஓடுகிறது. 11,000 கிலோ போய்விட்டது, 7,000 கிலோ பாக்கி. இரண்டு பில்லுக்குப் பணம் வர வேண்டும், சேர்த்து 17 லட்சத்துச் சொச்சம். அவருக்குத்தான் முதல் கடிதம். நான் எழுதிய வரைவு:

> எங்கள் நிறுவனம் 12.05.2025 முதல் (புதிய பெயர்) என்ற புதிய நிறுவனமாகச் செயல்படுகிறது. தற்போதுள்ள ஒப்பந்தங்கள் அனைத்தும் புதிய நிறுவனத்துக்கு மாற்றப்படுகின்றன. இதற்குத் தங்கள் ஒப்புதலை வேண்டுகிறோம். இனிமேல் பணத்தைக் கீழ்க்கண்ட புதிய வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.

கடைசி வரி முதலாளி சொன்னது. பெயர் மாறுகிற கையோடு வேறு வங்கிக்கும் போய்விடலாம் என்கிறார். இது போதுமா, வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா?

மஞ்சள்பை | 19 மே, பகல் 12:15

போதாது தம்பி. நாங்கள் ஈரோட்டில் இரண்டு வருடம் முன்னால் இதைச் செய்தோம். பான் புதிது, ஜிஎஸ்டி எண் புதிது, வங்கிக் கணக்கு புதிது. பழைய ஒப்பந்தத்தை எல்லாம் முத்திரைத்தாளில் திரும்ப எழுதிக் கையெழுத்து வாங்கினோம். பார்ட்டி கையெழுத்துப் போடாமல் புதுப் பெயரில் ஒரு கிலோ சரக்குகூட அனுப்பாதே.

மினிட்ஸ்புக் | 19 மே, மாலை 4:50

மஞ்சள்பை, நீங்கள் தனியுரிமையாக இருந்து பிரைவேட் லிமிடெட் ஆனீர்களா?

மஞ்சள்பை | 19 மே, மாலை 5:05

ஆமாம். அப்பா பெயரில் இருந்த கடையைக் கம்பெனி ஆக்கினோம். பெயர் மாற்றம்தானே?

மினிட்ஸ்புக் | 19 மே, இரவு 9:20

இல்லை. நீங்கள் செய்தது ஆள் மாற்றம். அப்பா ஒரு ஆள், கம்பெனி இன்னொரு ஆள். அதனால்தான் பான் மாறியது. ஜிஎஸ்டி எண்ணின் மூன்றாம் எழுத்திலிருந்து பன்னிரண்டாம் எழுத்து வரை பான்தான் உட்கார்ந்திருக்கிறது, அதனால் அதுவும் மாறியது. ஒப்பந்தத்தைத் திரும்ப எழுதியது சரியான வேலை. உங்கள் வழக்குக்கு அதுதான் வேண்டும்.

பஞ்சுப்பொதியின் கம்பெனிக்கு நடந்தது வேறு. அதே கம்பெனி, பெயர்ப்பலகை மட்டும் மாறியிருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டம் 13ஆம் பிரிவின்படி சிறப்புத் தீர்மானம் போட்டு, ஒப்புதல் வாங்கி, பதிவாளர் பழைய பெயர் இருந்த இடத்தில் புதுப் பெயரை எழுதிப் புதுச் சான்றிதழ் தருகிறார். அந்தச் சான்றிதழ் வந்த நாளில்தான் மாற்றம் முழுமையாகிறது. சிஐஎன் என்கிற 21 எழுத்து எண் அப்படியே இருக்கும், பான் அப்படியே, ஜிஎஸ்டி எண்ணும் அப்படியே. பெயர் மாறுவதால் கம்பெனியின் உரிமையோ கடமையோ பாதிக்கப்படாது என்று 1956ஆம் வருடச் சட்டத்திலேயே 23ஆம் பிரிவில் நேராக எழுதியிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பெண் தன் பெயரோடு கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டால், அவர் முன்பு கொடுத்த கடன் பத்திரம் செல்லாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள் அல்லவா, அதுபோல.

ஆகவே தம்பி, உங்கள் வரைவில் மூன்று இடத்தில் கோடு போடுகிறேன்.

‘புதிய நிறுவனமாக’. இந்த ஒரு சொல்லைப் படித்ததும் பார்ட்டியின் ஆடிட்டர், மஞ்சள்பை மாதிரிதான் என்று முடிவு கட்டிவிடுவார். புதுக் கணக்கு திறப்பார், புது பான் கேட்பார். நிறுவனம் புதிது இல்லை, பெயர்தான் புதிது.

‘மாற்றப்படுகின்றன’. ஒப்பந்தம் எங்கேயும் மாறவில்லை. இருந்த இடத்திலேயே இருக்கிறது. மாற்றுகிறோம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், நாளைக்கு நூல் விலை இறங்கும்போது பாக்கி 7,000 கிலோவுக்குப் பழைய விலை எங்களைக் கட்டுப்படுத்தாது என்று வாதம் செய்ய இடம் கிடைக்கும்.

‘ஒப்புதலை வேண்டுகிறோம்’. ஒப்புதல் கேட்டால் மறுக்கவும் உரிமை இருக்கிறது என்று ஆகிறது. கடிதம் கிடைத்தது என்று ஒரு கையெழுத்துக் கேளுங்கள், அது போதும். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். பெயர் மாறினால் இத்தனை நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும்.

வங்கி விஷயம் பெரிது. அதை நாளை எழுதுகிறேன்.

டேலி அக்கா | 20 மே, காலை 9:10

சார் எழுதுவதற்கு முன்னால் நான் சொல்கிறேன். நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள். திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனியில் கணக்கு, பதினோரு வருடமாக. நூல் மில், சாயப்பட்டறை, எலாஸ்டிக், அட்டைப்பெட்டி என்று மாதம் நூறு பேருக்காவது பணம் அனுப்புகிறேன்.

பெயர் மாற்றமும் புது வங்கிக் கணக்கும் ஒரே கடிதத்தில் வந்தால் நான் பணத்தை நிறுத்துவேன். எத்தனை வருடப் பழக்கம் என்றாலும் நிறுத்துவேன். ஏனென்றால் மோசடிக் கடிதம் இருக்கும் அச்சு அதுதான். பெயர் ஏன் வேறாக இருக்கிறது என்று நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே பெயர் மாறிவிட்டது என்று அதில் பதில் இருக்கும். கணக்கு எண் ஏன் வேறு என்பதற்கும் அதிலேயே பதில் இருக்கும். கீழே ஒரு கைபேசி எண்ணும் இருக்கும், சந்தேகம் இருந்தால் கூப்பிடச் சொல்லி.

உங்கள் வரைவை ஒரு திருடன் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பான் தம்பி. தப்பாக நினைக்க வேண்டாம். நான் கடிதத்தைத்தான் பார்க்க முடியும், உங்கள் மனதைப் பார்க்க முடியாது.

கரூர்த் தறி | 20 மே, பகல் 2:30

எங்களுக்கு நடந்ததைச் சொல்லட்டுமா? வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்கிறோம். ஐரோப்பாவில் ஒரு வாடிக்கையாளர், ஒன்பது வருடப் பழக்கம். 2022இல் எங்களுக்கும் அவருக்கும் இடையில் ஓடிய மின்னஞ்சலை யாரோ உள்ளே புகுந்து படித்திருக்கிறார்கள். எந்த பில், எவ்வளவு தொகை, எந்தத் தேதி என்று எல்லாம் தெரிந்துகொண்டு, எங்கள் பெயரில் அவருக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. தணிக்கை நடப்பதால் இந்த ஒரு பில்லை மட்டும் வேறு கணக்குக்கு அனுப்பவும் என்று.

முகவரியில் `m` இருக்க வேண்டிய இடத்தில் `r`, `n` இரண்டையும் ஒட்டி `rn` என்று போட்டிருந்தார்கள். திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. 23,000 யூரோ போய்விட்டது. பணம் எங்கே என்று நாங்கள் கேட்டபோதுதான், அனுப்பிப் பதினாறு நாள் ஆகிவிட்டதே என்றார். பதினாறு நாள் கழித்து எந்த வங்கி திருப்பிக் கொடுக்கும்? பாதிப் பாதி ஏற்றுக்கொண்டோம். அந்த வருட லாபம் அதில் போனது.

அதனால்தான் சொல்கிறேன், முதலாளியிடம் பேசி வங்கி மாற்றத்தைத் தள்ளிப் போடுங்கள்.

மினிட்ஸ்புக் | 20 மே, இரவு 10:05

டேலி அக்கா சொன்னதும் கரூர்க்காரர் சொன்னதும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கம். நான் எழுத நினைத்ததில் பாதி முடிந்துவிட்டது.

மீதிப் பாதி இது. பெயர் மாறினால் வங்கிக் கணக்கு எண் மாற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. புதுச் சான்றிதழ், திருத்திய பான், போர்டு தீர்மானம் ஆகியவற்றைக் கிளையில் கொடுத்தால் அதே கணக்கில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். எண் அதே, ஐஎஃப்எஸ்சி அதே. அப்படிச் செய்தால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி எழுதலாம்: ‘கணக்கு எண் மாறவில்லை.’ இந்த வரிக்கு மிகுந்த பலம் உண்டு. பார்ட்டி புதிதாக எதையும் நம்ப வேண்டியதில்லை, ஏற்கெனவே பதினான்கு வருடமாகப் பணம் போய்ச் சேருகிற எண்ணையே வைத்துக்கொள்ளப் போகிறார். நாளை யாராவது உங்கள் பெயரில் புதுக் கணக்கு எண்ணோடு கடிதம் அனுப்பினால், அது உங்கள் கடிதத்துக்கு நேர் முரணாக நிற்கும்.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் மில்லுக்குக் கேஷ் கிரெடிட் எந்த வங்கியில்? அந்த வங்கி வசூல் எல்லாம் இந்தக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும் என்று கடன் நிபந்தனையில் எழுதியிருக்கும். அவர்களிடம் சொல்லாமல் பார்ட்டிகளை வேறு வங்கிக்குத் திருப்பிவிட்டால் அது தனித் தலைவலி.

பஞ்சுப்பொதி | 21 மே, காலை 11:30

கடன் அனுமதிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். சார் சொன்னபடியே இருக்கிறது, வசூல் முழுவதும் இந்தக் கணக்கில்தான் என்று. முதலாளியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் ‘சரி, வங்கி அப்படியே இருக்கட்டும்’ என்றார்.

ஆகப் பெயர் மட்டும்தான். கடிதத்தை இன்றே அனுப்பிவிடலாமா? இரண்டு பில்லுக்கும் ஜூன் நடுவில் தவணை வருகிறது.

டேலி அக்கா | 21 மே, பகல் 1:15

வங்கியில் பெயர் மாறிவிட்டதா?

பஞ்சுப்பொதி | 21 மே, பகல் 1:40

இல்லை அக்கா. பான் திருத்தத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அது வந்தபிறகுதான் வங்கி எடுத்துக்கொள்ளும்.

டேலி அக்கா | 21 மே, மாலை 6:00

அப்படியானால் இன்று அனுப்பாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

முன்பெல்லாம் என்இஎஃப்டி, ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் நாங்கள் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சியையும் போட்டுவிட்டுப் பெயரை என்ன வேண்டுமானாலும் அடிக்கலாம். பணம் எண்ணைப் பார்த்துத்தான் போகும், பெயரைப் பார்க்காது. ஓர் இலக்கம் தப்பினால் யாரோ ஒருவருக்குப் போய்விடும். இந்த வருடம் அது மாறியிருக்கிறது. ஏப்ரல் 1க்குள் பயனாளியின் பெயரைக் காட்டும் வசதியைக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி போன டிசம்பர் கடைசியில் சொல்லிவிட்டது. எங்கள் வங்கியில் வந்துவிட்டது. எண்ணையும் ஐஎஃப்எஸ்சியையும் அடித்தால், அந்தக் கணக்கு வங்கிப் பதிவேட்டில் யார் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயர் திரையில் வரும்.

இப்போது நீங்கள் கடிதம் அனுப்புகிறீர்கள், கணக்கு ‘ஸ்பின்னர்ஸ்’ பெயரில் இருப்பதாக. நான் அடித்துப் பார்க்கிறேன், ‘டிரேடர்ஸ்’ என்று வருகிறது. என்ன செய்வேன்? நிறுத்துவேன், உங்களைக் கூப்பிடுவேன், முதலாளியிடம் சொல்வேன். அவர் கொஞ்சம் பார்க்கலாம் என்பார். அந்தக் கொஞ்சம் பத்து நாள் ஆகும். கடிதம் முந்திப் போனால் உங்கள் பணம் பிந்தி வரும்.

மினிட்ஸ்புக் | 21 மே, இரவு 8:45

வரிசையைச் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் கையில் இருக்கிறது. அடுத்தது பான். ஜிஎஸ்டி தளம் சட்டப்படியான பெயரைப் பான் பதிவேட்டோடு ஒப்பிட்டுத்தான் ஏற்கும், அதனால் பானுக்குப் பிறகு ஜிஎஸ்டி. பெயர் மாறிப் பதினைந்து நாளுக்குள் ஜிஎஸ்டி திருத்தம் போட வேண்டும், உங்களுக்கு மே 27. பான் தாமதமானால் இங்கே மூச்சு முட்டும். பான் வந்தவுடன் வங்கியையும் ஜிஎஸ்டியையும் ஒரே நாளில் கொடுங்கள். வங்கியில் பெயர் மாறியது உறுதியான பிறகு கடிதம்.

பெயர் திரையில் வருகிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. லிதுவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமாசௌஸ்காஸ் என்பவர் தைவானின் குவாண்டா கம்ப்யூட்டர் பெயரிலேயே லாத்வியாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்கும் திறந்து, கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போலி பில் அனுப்பினார். இரண்டும் சேர்ந்து 12 கோடி டாலருக்கு மேல் அனுப்பிவிட்டன. 2019இல் அமெரிக்காவில் ஐந்து வருடச் சிறை. அங்கே பெயர் பொருந்தத்தான் செய்தது, ஆள்தான் வேறு. திரையில் வரும் பெயர், கணக்கு அந்தப் பெயரில் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அந்தக் கணக்கு உங்களுக்கு நூல் கொடுப்பவருடையதுதானா என்பதை அது சொல்லாது.

மஞ்சள்பை | 22 மே, காலை 8:20

நான் முதலில் சொன்னது தவறு. என் வழக்கை இவர் தலையில் வைத்துவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். பார்ட்டி செக் கொடுத்தால்? எங்களுக்குப் பழைய பெயரில் வந்த இரண்டு செக்கைப் பெயர் பொருந்தவில்லை என்று வங்கி திருப்பிவிட்டது.

டேலி அக்கா | 22 மே, காலை 9:35

உங்களுக்கு ஆள் மாறியதால் திருப்பியது சரிதான் அண்ணா. அதே ஆள் பெயர் மட்டும் மாறினால் பழைய பெயர் செக்கையும் கொஞ்ச காலம் எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் கிளைக்குக் கிளை மாறுகிறது. பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுக்கும்போதே அதையும் எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். கையில் இருக்கும் பழைய செக்கை அதற்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. எப்படியும் மூன்று மாதம்தான் செல்லும்.

கரூர்த் தறி | 22 மே, பகல் 12:50

ஏற்றுமதி ஆட்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று. பழைய பெயரில் எல்சி திறந்திருந்தால் புதுப் பெயரில் இன்வாய்ஸ் போட்டுவிடாதீர்கள். எல்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கொடுத்த இன்வாய்ஸாகத் தெரிய வேண்டும் என்பது விதி. சான்றிதழின் நகலை இணைத்தாலும் வங்கி முரண்பாடு என்று எழுதிவிடும். முதலில் வாங்குபவர் வழியாக எல்சியைத் திருத்தி வாங்க வேண்டும். சரக்கு கப்பலில் ஏறிய பிறகு இது தெரிந்தால் ரொம்பக் கஷ்டம்.

பஞ்சுப்பொதி | 26 மே, மாலை 5:20

பான் 24ஆம் தேதி திருத்தமாகி வந்தது. இன்று ஜிஎஸ்டி திருத்தமும் போட்டோம், வங்கியிலும் கொடுத்தோம். கிளையில் ஒரு வாரம் பத்து நாள் என்றார்கள்.

இடையில் ஒரு குழப்பம். இந்த வாரம் ஒரு லோடு போகிறது. பில்லில் எந்தப் பெயர் போடுவது? சான்றிதழ்படி புதுப் பெயர், ஜிஎஸ்டி தளத்தில் இன்னும் பழைய பெயர்.

மினிட்ஸ்புக் | 26 மே, இரவு 9:00

என் பக்கம் புதுப் பெயர்தான், அதன் கீழே ‘முன்பு: (பழைய பெயர்)’ என்று. பெயர் மாறி இரண்டு வருடம் வரை பழைய பெயரையும் சேர்த்தே பலகையிலும் கடிதத்தாளிலும் போட வேண்டும் என்று 12ஆம் பிரிவு சொல்கிறது.

டேலி அக்கா | 27 மே, காலை 9:25

நான் ஒத்துக்கொள்ளவில்லை சார். ஜிஎஸ்டி தளத்தில் என்ன பெயரோ அதுதான் பில்லில் இருக்க வேண்டும் என்று எங்கள் ஆடிட்டர் சொல்வார். இன்புட் வரவு ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் வைத்துத்தான் பொருந்தும், பெயரை வைத்து இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் லாரியை வழியில் நிறுத்திப் பார்க்கிறவர் பில்லில் ஒரு பெயரும் இ-வே பில்லில் ஒரு பெயரும் இருந்தால் கேள்வி கேட்பார்.

மினிட்ஸ்புக் | 27 மே, பகல் 3:10

இரண்டு பெயரும் பில்லில் இருந்தால் அவருக்கும் பதில் கிடைக்கும், சட்டத்துக்கும் பதில் கிடைக்கும். லாரி ஓட்டுநரிடம் சான்றிதழ் நகல் ஒன்று கொடுத்துவிடுங்கள்.

டேலி அக்கா | 27 மே, பகல் 3:30

நான் என் கருத்திலேயே இருக்கிறேன். நான்கு நாள் பொறுத்தால் ஜிஎஸ்டியும் மாறிவிடும்.

பஞ்சுப்பொதி | 5 ஜூன், காலை 10:15

லோடை நிறுத்திவைத்து ஜிஎஸ்டியில் பெயர் மாறிய பிறகு அனுப்பினோம். நேற்று வங்கியிலும் மாறியது. எங்கள் இன்னொரு கணக்கிலிருந்து அடித்துப் பார்த்தேன், திரையில் புதுப் பெயர் வந்தது. ஒரு ரூபாய் அனுப்பினேன், சேர்ந்துவிட்டது. கடிதத்தைத் திரும்ப எழுதினேன். பார்த்துச் சொல்லுங்கள்:

> பொருள்: நிறுவனத்தின் பெயர் மாற்றம். ஒப்பந்தங்களும் வங்கிக் கணக்கு எண்ணும் மாறவில்லை.
>
> அன்புடையீர், வணக்கம்.
>
> 12.05.2025 முதல் எங்கள் நிறுவனத்தின் பெயர் (பழைய பெயர்) என்பதிலிருந்து (புதிய பெயர்) என்று மாறியுள்ளது. பதிவாளர் அளித்த சான்றிதழின் நகலை இணைத்துள்ளோம். பெயரைத் தவிர நிறுவனம், இயக்குநர்கள், ஆலை, முகவரி எதுவும் மாறவில்லை. சிஐஎன், பான், ஜிஎஸ்டி எண் மூன்றும் பழையவையே. அவற்றை அரசுத் தளங்களில் தாங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.
>
> 40ஸ் கோம்டு ஹோசியரி நூல் 18,000 கிலோவுக்கான நம் ஒப்பந்தம் அதே விலை, அதே 30 நாள் தவணையில் தொடர்கிறது. மே 12 வரை 11,000 கிலோ அனுப்பியுள்ளோம். அன்று பாக்கி இருந்த 7,000 கிலோவைப் புதிய பெயரிலான பில்லில் அனுப்புகிறோம். பழைய பெயரில் உள்ள இரண்டு பில்களும் அப்படியே செல்லும், அவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.
>
> வங்கி: கணக்கின் பெயர் மட்டும் (புதிய பெயர்) என்று மாறியுள்ளது. தாங்கள் இதுவரை பணம் அனுப்பிய, 4471 என்று முடியும் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும் மாறவில்லை. வேறு கணக்கு எண் குறித்து எங்கள் பெயரில் கடிதமோ மின்னஞ்சலோ வந்தால், தங்களிடம் ஏற்கெனவே உள்ள எங்கள் அலுவலகத் தொலைபேசி எண்ணில் கேட்டு உறுதி செய்யும் வரை பணம் அனுப்ப வேண்டாம்.
>
> கடிதம் கிடைத்ததற்கு அடையாளமாக நகலில் கையொப்பமிட்டு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.

தொலைபேசி எண்ணைக் கடிதத்தில் போடவில்லை. அதை நினைத்துத்தான் ‘தங்களிடம் ஏற்கெனவே உள்ள’ என்று எழுதினேன்.

டேலி அக்கா | 5 ஜூன், காலை 11:40

இந்தக் கடிதம் என் மேசைக்கு வந்திருந்தால் அன்றைக்கே வேலையை முடித்திருப்பேன். தொலைபேசி எண்ணை விட்டது ரொம்பச் சரி. கடிதத்தில் இருக்கும் எண்ணைக் கூப்பிட்டுச் சரிபார்ப்பது சரிபார்ப்பே இல்லை.

பார்ட்டியின் கணக்கருக்கு இன்னொன்றைப் போனில் சொல்லுங்கள். டேலியில் உங்களுக்குப் புது லெட்ஜர் திறந்துவிடப் போகிறார். பழைய லெட்ஜரின் பெயரையே மாற்றிவிட்டுப் பழைய பெயரை அலையாஸில் போடச் சொல்லுங்கள். எதை அடித்தாலும் ஒரே கணக்கு வரும். இரண்டு லெட்ஜர் ஆகிவிட்டால் பாக்கி இரண்டாகப் பிரியும். வருடத்துக்கு 50 லட்சத்தைத் தாண்டிய கொள்முதலுக்குப் பிடிக்கிற 0.1 சதவீத டிடிஎஸ் இருக்கிறதே, அந்த 50 லட்சத்தையும் புது லெட்ஜரில் பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். பான் ஒன்றுதான், அதனால் கணக்கும் ஒன்றுதான்.

மினிட்ஸ்புக் | 5 ஜூன், இரவு 8:10

நல்ல கடிதம். இயக்குநர் ஒருவர் கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் போகட்டும், மின்னஞ்சல் கூடுதலாக. சிஐஎன் கடிதத்தாளிலேயே அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

உண்மையாகவே வங்கியை மாற்ற வேண்டிய நாள் வந்தால் அதற்கென்று தனிக் கடிதம் எழுதுங்கள். வங்கியே தன் கடிதத்தாளில் கணக்கு விவரத்தை உறுதி செய்து தருவதை இணைத்து, இயக்குநர் நேரில் அல்லது போனில் சொல்லி, ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்த பிறகு பெரிய தொகை.

மஞ்சள்பை | 6 ஜூன், காலை 7:50

எதற்கு இரண்டு கடிதம் என்றுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. பார்ட்டிக்கு இரண்டு தடவை தொந்தரவு. நேரில் போய்க் கையில் கொடுத்தால் ஒரே கடிதம் போதாதா? ராஜபாளையத்திலிருந்து திருப்பூர் என்ன வெளிநாடா?

டேலி அக்கா | 6 ஜூன், காலை 9:15

நேரில் வந்தால் ஒரே கடிதத்தை ஏற்றுக்கொள்வேன் அண்ணா. ஆனால் அவர்களுக்கு ஒரு பார்ட்டி மட்டுமா இருக்கிறார்?

பஞ்சுப்பொதி | 18 ஜூன், பகல் 12:05

ஒன்பதாம் தேதி பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதினொன்றாம் தேதி அவர்கள் கணக்கர், பழைய தொலைபேசிக்கே கூப்பிட்டார். ‘4471தானே, மாறவில்லையே?’ என்று மட்டும் கேட்டார். பத்து நொடிகூட ஆகவில்லை. நேற்று இரண்டு பில்லுக்கும் முழுப் பணம் வந்தது. கையொப்பமிட்ட நகலும் இன்று தபாலில் வந்துவிட்டது.

இதே கடிதத்தை மற்றப் பார்ட்டிகளுக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். ஒப்பந்தப் பத்தியை மட்டும் ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுகிறேன். ஒருவர் செக் மட்டும்தான் கொடுப்பவர், அவருக்கு ‘ஜூலை 1 முதல் செக்கைப் புதிய பெயரில் எழுதவும்’ என்று ஒரு வரி சேர்த்தேன்.

இன்னொரு கேள்வி. பழைய பெயர் அச்சடித்த மூட்டைப் பை நான்காயிரம் கிடங்கில் கிடக்கிறது. புதுப் பெயரை ரப்பர் ஸ்டாம்பில் அடித்து அனுப்பலாமா? கிடங்குக்காரர் தூக்கிப் போட மனமில்லை என்கிறார்.

மஞ்சள்பை | 18 ஜூன், பகல் 1:00

நாங்கள் ஸ்டாம்ப் அடித்துத்தான் தீர்த்தோம். மழையில் நனையாத மை வாங்கு தம்பி, எங்களுக்குப் பாதிப் பையில் அழிந்துவிட்டது.

மினிட்ஸ்புக் | 18 ஜூன், இரவு 9:30

புதுப் பெயர் பெரிதாக, பழைய பெயர் கீழே இருந்தபடியே. கோனுக்குள் ஒட்டும் லேபிளை மட்டும் புதிதாக அச்சடித்துவிடுங்கள். பின்னலில் கோடு விழுந்தால் அவர்கள் எடுத்துப் பார்ப்பது அந்த லேபிளைத்தான்.